‘ரீடார்கெட்டிங்’, ‘பிரீக்வென்சி கேப்’: தமிழில் எப்படிச் சொல்வது?

கயல்விழி:
விளம்பரக் கருவி ஒன்றின் அமைப்புப் பக்கங்களைத் தமிழாக்கி வருகிறேன். தளத்துக்கு வந்து வாங்காமல் போனவருக்கு, அவர் பார்த்த பொருளையே வேறு தளங்களில் விளம்பரமாகக் காட்டுவது ரீடார்கெட்டிங். ஒருவருக்கு இத்தனை முறைதான் என்று கட்டுப்படுத்துவது பிரீக்வென்சி கேப். ‘மறுஇலக்கிடல்’, ‘அதிர்வெண் வரம்பு’ என்று எழுதினேன். எனக்கே உறுத்துகிறது.

இளங்கோவன்:
உறுத்தத்தான் செய்யும். அதிர்வெண் என்றதும் வானொலிதான் நினைவுக்கு வருகிறது. மறுஇலக்கு என்றால் பழைய இலக்கை விட்டு வேறொன்றைக் குறிவைப்பது போலிருக்கிறது. ‘பின்தொடர் விளம்பரம்’, ‘காட்சி வரம்பு’ போதுமே?

மாணிக்கம்:
‘பின்தொடர்’ சமூக ஊடகத்தில் ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது, ஐயா. ‘மீளிலக்கு’ எனலாம். ‘காட்சி வரம்பு’ என்பதில்தான் எனக்குப் பயம்: எதற்கு வரம்பு என்று அது சொல்வதில்லை. நான் இதில் சூடுபட்டவன். நாளுக்கு 3 என்ற வரம்பைப் பிரச்சாரம் முழுவதுக்கும் சேர்த்துப் போடாமல் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் போட்டுவிட்டேன். விளம்பரங்கள் 5. ஆகவே ஒருவர் நாளுக்கு 15 முறை பார்க்க வழி திறந்துவிட்டது. வார அறிக்கையில் 1,000 பேர், 6,000 காட்சிகள், சராசரி 6 என்று இருந்ததால் நிம்மதியாக இருந்தேன். புகார் வந்தபின் பிரித்துப் பார்த்தால், 900 பேர் இரண்டிரண்டு முறையும் மீதி 100 பேர் 42 முறையும் பார்த்திருக்கிறார்கள். சராசரி அதை மூடி மறைத்துவிட்டது. ‘தலா வருமானம்’ போல ‘தலா காட்சி வரம்பு’ என்றால் ஆளுக்கு இவ்வளவு என்பது பெயரிலேயே தெரியும்.

ராஜேஸ்வரி:
நான் காலணி வாங்கி மூன்று வாரமாகிறது. அதே காலணி இன்னும் என்னைத் துரத்துகிறது. வரம்பை 1 என்று வைத்தால் தீருமா? ‘தொல்லை வரம்பு’ என்றே பெயரிடுங்கள்.

மாணிக்கம்:
அம்மா, 1 என்று வைத்தாலும் நாளுக்கொரு முறை அந்தக் காலணி வந்து நிற்கும். உங்கள் கதையில் குறை வேறு. பணம் கட்டியதும் வரும் நன்றிப் பக்கத்தில் நிரல்துண்டு வைத்து, வாங்கியவர்களைத் தனிப்பட்டியலாக்கி, மீளிலக்கிலிருந்து விலக்கியிருக்க வேண்டும். கடைக்காரர் அதைச் செய்யவில்லை.

இளங்கோவன்:
அப்படியானால் ‘தலா’வும் பொய்தானே? கைப்பேசியில் 3, மடிக்கணினியில் 3 என்று என் ஒரு தலைக்கு 6 வருகிறது. எந்த விளம்பரக் கருவிக்கும் தலை தெரியாது.

மாணிக்கம்:
பாதி சரி. இரண்டிலும் ஒரே கணக்கில் உள்நுழைந்திருந்தால் சில கருவிகள் சேர்த்து எண்ணும். இல்லையென்றால் எண்ணப்படுவது, உலாவியில் சேமித்து வைக்கப்படும் குக்கி என்ற சிறு அடையாளக் குறிப்புதான். உலாவி அதைத் தடுத்தாலோ, நீங்கள் அழித்தாலோ, கருவிக்கு நீங்கள் புது ஆள். எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

கயல்விழி:
சரி, இப்போதைக்கு ‘தலா காட்சி வரம்பு’ என்றே போடுகிறேன். ‘ஒரே ஆள் இரு சாதனங்களில் பார்த்தால் இரு ஆட்களாக எண்ணப்படலாம்’ என்று கீழே ஒரு வரியும் சேர்க்கிறேன். ‘மீளிலக்கு’ இன்னும் மனத்தில் ஒட்டவில்லை. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.