பின்சுவரில் கேரட் உறைகிறது, ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் இளகுகிறது: ஊட்டிக் குளிரில் டபுள் டோர் பிரிட்ஜ்

ஃபிங்கர்போஸ்ட்:
டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ, 250 லிட்டர், மேலே ஃப்ரீசர். டிசம்பர் பிறந்ததிலிருந்து கீழே பின்சுவரை ஒட்டி வைக்கிற கேரட், கீரை எல்லாம் கல்லாக உறையுது. ஆனா ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் கூழா இருக்கு, தெர்மாமீட்டர் −7 காட்டுது. ஐஸ்கிரீம் இளகுதேன்னு கீழே உள்ள நாபை 3-லிருந்து 7-க்கு ஏத்தினேன். ஃப்ரீசர் நாப் மினிமம் பக்கத்தில் இருக்கு. பிரிட்ஜ் பின்கட்டு ஸ்டோர் ரூமில் நிக்குது, அங்கே காலையில் 11 டிகிரி. என்ன கோளாறு?

மேட்டுப்பாளையம் சர்வீஸ்:
கேஸ் குறைஞ்சிருக்கு தம்பி. ஃப்ரீசர் −18 வரைக்கும் போகணும், −7-லயே நிக்குதுன்னா வேற என்ன? லீக் பார்த்து கேஸ் ஏத்தினா சரியாயிடும்.

கோத்தகிரி தேயிலை:
ஃப்ரீசரைச் சுத்தி பனி மலை மாதிரி ஏறியிருக்கும். நாபுக்கு நடுவில் இருக்கிற சிவப்பு பட்டனை அமுக்கி ராத்திரி முழுக்க விடுங்க. கீழே தட்டில் தண்ணி வடிஞ்சதும் பழையபடி ஓடும்.

வெலிங்டன்:
கோத்தகிரி அக்கா, அந்த பட்டன் சிங்கிள் டோருக்கு. இவர் சொல்வது ஃப்ராஸ்ட் ஃப்ரீ, அதில் கையால் பனி கரைக்கிற வேலையே இல்லை.

இதில் எதுவும் உடையவில்லை என்பது என் கணிப்பு. இந்த வகை பிரிட்ஜில் குளிர் உண்டாவது ஒரே இடத்தில்தான்: ஃப்ரீசரின் பின்சுவருக்குள் இருக்கிற குழாய்ச் சுருளான காயிலில். அங்கிருந்து ஒரு ஃபேன் காற்றைத் தள்ளுகிறது. பெரும்பகுதி ஃப்ரீசருக்குள் சுற்றும், மிச்சம் ஒரு குழாய் வழியாக இறங்கிக் கீழ் அறையின் பின்சுவர்த் துளைகளில் வெளிவரும். கம்ப்ரசர் எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்கிற தெர்மோஸ்டாட் இருப்பதோ கீழ் அறையில். ஃப்ரீசர் எப்படி இருக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். சமவெளியில் 32 டிகிரி அறையில் கீழ் அறையை 4-ல் வைக்க வேண்டுமானால் வித்தியாசம் 28 டிகிரி. உங்கள் ஸ்டோர் ரூமில் 11, வித்தியாசம் வெறும் 7. அதாவது கீழ் அறைக்குள் புகுகிற வெப்பம் கால் பங்காகிவிட்டது. ஃப்ரீசருக்கு அப்படியில்லை. −18-க்கும் 32-க்கும் வித்தியாசம் 50, −18-க்கும் 11-க்கும் 29. அதற்கு இன்னமும் பாதிக்கு மேல் வேலை பாக்கி இருக்கிறது. ஆனால் கம்ப்ரசர் ஓடுவது கீழ் அறை கேட்கிற கால் பங்குக்குத்தான். அதனால் ஃப்ரீசர் பட்டினி கிடக்கிறது.

நீங்கள் நாபை 7-க்கு ஏற்றியதும், ஃப்ரீசருக்காகக் கேட்ட குளிர் பெரும்பாலும் கீழே இறங்கியது. ஃப்ரீசர் நாப் மினிமத்தில் இருப்பதால் கீழே போகிற வழி அகலத் திறந்திருக்கிறது. பூஜ்யத்துக்கும் கீழே இருக்கிற காற்று துளையிலிருந்து நேராகப் பின்சுவரோரம் விழுகிறது. கீரை பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே போனாலே உறைந்துவிடும், கேரட் −1.4 வாக்கில். முதலில் கெடுவது எப்போதும் கீரையாக இருப்பது அதனால்தான்.

மேட்டுப்பாளையம் சர்வீஸ்:
சார், நீங்க சொல்ற கணக்கு சரி. ஆனா −7 காத்து கீழே வந்தாலும் கீரை உறையத்தானே செய்யும்? கேஸ் குறைஞ்ச பிரிட்ஜிலயும் அது நடக்கலாமே. பார்க்காமலே கேஸ் இல்லைன்னு எப்படித் தள்றீங்க?

வெலிங்டன்:
நல்ல கேள்வி. பிரித்துப் பார்க்கத் தேவையில்லை, காதே போதும். கேஸ் குறைந்தால் காயில் முழுதாகக் குளிராது, கீழ் அறை கேட்ட அளவுக்கு வரவே வராது, தெர்மோஸ்டாட் வெட்டாது, கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். அறைக் குளிர்தான் காரணம் என்றால் நேர்மாறு: கம்ப்ரசர் நெடுநேரம் சும்மா நிற்கும்.

தம்பி, கதவைத் திறக்காமல் காலையில் ஒரு மணி நேரம் பக்கத்தில் இருந்து எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று குறித்துச் சொல்லுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வையுங்கள். காற்றின் வெப்பநிலை கதவு திறந்ததும் மாறிவிடும், தண்ணீர் பொய் சொல்லாது.

குன்னூர் மேல்தெரு:
உயரத்தை யாரும் பேசலையே. ஊட்டி 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். பழைய தெர்மோஸ்டாட்டில் கேஸ் அடைத்த ஒரு சின்னத் துருத்தி இருக்கும். வெளி அழுத்தம் குறைந்தால் அது அதிகமாக உப்பும், அறை சூடாக இருக்கிறதென்று நினைத்து கம்ப்ரசரை அதிகம் ஓட்டும். கோயம்புத்தூரில் 4-ல் சரியாக இருந்த நாப் இங்கே 4-ல் காய்கறியை உறைய வைப்பது இதனால்தான். இதுதான் முழுக் காரணம்.

வெலிங்டன்:
துருத்தி பற்றிச் சொன்னது உண்மை சார். மலைப்பகுதிக்கென்று அதைத் திருத்தி வைக்க சில தெர்மோஸ்டாட்டில் தனித் திருகே உண்டு. ஆனால் முழுக் காரணம் என்பதை ஏற்க முடியாது. கம்ப்ரசர் அதிகம் ஓடினால் ஃப்ரீசரும் சேர்ந்து நன்றாகக் குளிர வேண்டும். இவருடையது −7-ல் நிற்கிறதே. உயரம் கேரட்டுக்கு ஒரு பங்கு காரணமாக இருக்கலாம், ஐஸ்கிரீமுக்கு இல்லை. எலெக்ட்ரானிக் சென்சர் உள்ள பிரிட்ஜில் அந்த விளைவும் கிடையாது.

ஃபிங்கர்போஸ்ட்:
பார்த்துட்டேன். காலை 6-லிருந்து 7 வரை கம்ப்ரசர் ஓடியது 9 நிமிஷம்தான். ராத்திரி ஒரு தடவை ரெண்டு மணி நேரம் சத்தமே இல்லை. நடுத்தட்டுத் தண்ணி 1 டிகிரி.

மேட்டுப்பாளையம் சர்வீஸ்:
9 நிமிஷம்னா கேஸ் இல்லை, ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லணும். கீழே ஃப்ரீசர் இருக்கிற ரெண்டு காயில் மாடல்ல, கேஸ் முதல்ல பிரிட்ஜ் காயிலுக்குப் போய் அப்புறம் ஃப்ரீசருக்குப் போற டிசைன் இருக்கு. அதுல கேஸ் குறைஞ்சா முதல் காயில் மட்டும் பனி பிடிக்கும், ஃப்ரீசருக்கு ஒண்ணும் மிஞ்சாது. இதே கம்ப்ளெயிண்ட்தான் வரும்.

வெலிங்டன்:
அது சரி. அந்த வகையிலும் கம்ப்ரசரை ஓட்டுவது ஃப்ரீசர் தெர்மோஸ்டாட் என்றால், அது ஓயாமல் ஓடுவதை வைத்தே பிடிக்கலாம். இன்னொன்று, இப்போது வருகிற பிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர் 600ஏ. மொத்தமே சில பத்து கிராம்தான், தீப்பிடிக்கிற கேஸ். அளவு பார்க்காமல் "கொஞ்சம் ஏத்தி விடுறேன்" என்று யாராவது வந்தால் விடாதீர்கள்.

இனி சரிசெய்வது. முதலில், கீழ் நாப்தான் தெர்மோஸ்டாட் என்று உறுதி செய்யுங்கள். கம்ப்ரசர் ஓடும்போது அதைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் 'டக்' என்று நிற்க வேண்டும். நின்றால் 5 நிமிடம் விட்டுத்தான் திரும்ப ஏற்ற வேண்டும். நிற்காமல் ஃப்ரீசர் நாபுக்கு நின்றால் உங்கள் மாடல் வேறு மாதிரி, நான் சொல்லப் போவது பொருந்தாது.

பொருந்தினால், கீழ் நாபை 7-லிருந்து 4-க்கு இறக்குங்கள். ஃப்ரீசர் நாபை மேக்ஸ் பக்கம் திருப்புங்கள். பலரும் அந்த நாப் ஃப்ரீசருக்குக் குளிரைக் கூட்டுகிறது என்று நினைக்கிறார்கள். அது திருப்புவது ஒரு டேம்பரை, கீழே இறங்குகிற காற்று வழியை நெருக்குகிறது, அவ்வளவுதான். கீழே காற்று குறைவாகப் போவதால் தெர்மோஸ்டாட் திருப்தியாக நேரம் பிடிக்கும், கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும், அந்த நேரமெல்லாம் குளிர் ஃப்ரீசரில் தங்கும். ஒரு முறை மாற்றினால் 24 மணி நேரம் தொடாதீர்கள்.

காய்கறியைப் பின்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். கீரை துளைகளுக்கு நேரே வேண்டாம், கீழ் டப்பாவுக்குள் போகட்டும்.

கொடை ஏரிக்கரை:
எங்க வீட்டிலயும் பின்சுவரில் காய் உறையுது, ஆனா ஃப்ரீசர் −18 சுத்தமா இருக்கு. டிஜிட்டல் டிஸ்ப்ளே உள்ள இன்வெர்ட்டர் மாடல். இதே வைத்தியம் செய்யலாமா?

வெலிங்டன்:
வேண்டாம், உங்களுடையது வேறு. ஃப்ரீசருக்கும் கீழ் அறைக்கும் தனித்தனி சென்சர், நடுவில் மோட்டார் டேம்பர். அது பனி பிடித்துத் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் கீழே நிற்காமல் காற்று கொட்டும். கோடையிலும் உறைந்தால் டேம்பரையோ கீழ் சென்சரையோ பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபிங்கர்போஸ்ட்:
மூணு நாள் ஆச்சு. நாப் சோதனையில் கீழேதான் 'டக்' வந்தது. இப்போ நடுத்தட்டுத் தண்ணி 4, கீரை உறையலை. ஃப்ரீசர் பகலில் −14. ஆனா உறைபனி விழுந்த ராத்திரிக்கு அப்புறம் காலையில் −11-க்கு ஏறிடுது. உள்ளே மீன் இருக்கு.

வெலிங்டன்:
கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற லேபிளில் தட்பவெப்ப வகுப்பு என்று ஓர் எழுத்து இருக்கும், பாருங்கள். டி என்றால் அந்தப் பிரிட்ஜ் 16 முதல் 43 டிகிரி அறைக்குச் செய்தது. எஸ்.என் என்றால் 10 முதல் 32 வரை. உங்களுடையது டி என்றால் 11 டிகிரி ஸ்டோர் ரூமில் எந்த நாபும் முழுசாகக் காப்பாற்றாது. சமையல் அறைக்குள் கொண்டு வாருங்கள், அடுப்பு எரிகிற இடத்தில் 16-க்கு மேல் இருக்கும். மீனைச் சீக்கிரம் சமைத்துவிடுங்கள். −18 நிலையாக வரும் வரை மாதக்கணக்கில் சேர்க்க வேண்டாம்.

குன்னூர் மேல்தெரு:
இடம் மாற்ற முடியாதவர்களுக்கு எளிய வழி உண்டு. கீழ் அறையில் 7 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டால் தெர்மோஸ்டாட் சூட்டை உணர்ந்து கம்ப்ரசரை ஓட்டும். குளிர்நாட்டு பிரிட்ஜ்களில் இதற்கென்றே குளிர்கால சுவிட்ச் இருக்கிறது, சின்ன ஹீட்டரையோ விளக்கையோ எரிய வைக்கும்.

மேட்டுப்பாளையம் சர்வீஸ்:
சுவிட்ச் கம்பெனி போட்டது சார், அது வேற. நாம வயரை கதவு ரப்பருக்கு நடுவுல விட்டா காத்து புகும், ஈரத்துல ஷாக் அடிக்கும். பல்பு பிளாஸ்டிக்கை உருக்கவும் செய்யும். நான் போட மாட்டேன்.

வெலிங்டன்:
தத்துவம் சரி, வீட்டில் செய்வதில் நான் மெக்கானிக் பக்கம்தான். எல்.இ.டி போட்டால் அந்தச் சூடும் போதாது.

குன்னூர் மேல்தெரு:
ரப்பரைத் தொடாமல், உள்ளே இருக்கிற விளக்கின் ஹோல்டரிலேயே மாற்றிப் போட்டு, கதவு சுவிட்சை மட்டும் தாண்டிவிட்டால்? அதில் வயர் வெளியே வராதே.

ஃபிங்கர்போஸ்ட்:
லேபிளில் டி. ஞாயித்துக்கிழமை சமையல் அறைக்கு நகர்த்தறோம். பின்னாடியும் பக்கத்திலும் எவ்வளவு இடைவெளி விடணும்?