கூலங்கட்டாவில் குடியேறிய பிறகு போனின் மணி ஏன் முன்னும் பின்னும் போகிறது?

வலங்கைமான்காரர், இப்போது கூலங்கட்டாவில்:
ஆகஸ்ட் மாதம் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்துக்குக் குடிவந்தேன். ஊரில் அப்பா தாளடி நடவுக்காக ஆறு மணிக்கெல்லாம் வயலுக்குக் கிளம்பிவிடுவார் என்பதால், அங்கே ஐந்தரை ஆகும்போது, அதாவது இங்கே காலை பத்து மணிக்கு, பேசுவதற்கு அலாரம் வைத்திருக்கிறேன். அக்டோபரின் முதல் ஞாயிறு கழிந்ததிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் அது ஒரு மணி நேரம் முன்னதாக அடிக்கிறது. நேற்று நாலரைக்கே கூப்பிட்டு அப்பாவைப் பதற வைத்துவிட்டேன். நேரம் தானாக அமையும்படிதான் போனில் வைத்திருக்கிறேன்.

பாபநாசத்துக்காரர், சிங்கப்பூர்:
வங்கியின் ஓடிபிக்காக இந்திய சிம்மையும் அதே போனில் வைத்திருப்பீர்கள். இந்திய சிம் இந்திய நேரத்தை இழுத்துவரும், அதுதான் குழப்பம். அதைக் கழற்றிவிடுங்கள்.

மன்னார்குடிக்காரர், பிரிஸ்பேன்:
சிம் எந்த நாட்டுடையது என்பதைப் போன் இதற்குப் பார்ப்பதில்லை. எந்த டவரோடு சேர்ந்திருக்கிறது என்பதையே பார்க்கிறது. ரோமிங்கில் இருக்கும் இந்திய சிம்மும் ஆஸ்திரேலிய டவரின் நேரத்தைத்தான் வாங்கும். இந்திய நேரம் வந்திருந்தால் நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். உங்களுக்கு ஒரு மணி நேரம்தான் முன்னால் போயிருக்கிறது. அதுவே காரணத்தைக் காட்டிவிடுகிறது.

கூலங்கட்டாவை ஒட்டியே நியூ சவுத் வேல்ஸின் ட்வீட் ஹெட்ஸ் இருக்கிறது. அக்டோபரின் முதல் ஞாயிறு முதல் ஏப்ரலின் முதல் ஞாயிறு வரை அந்த மாநிலம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறது, குவீன்ஸ்லாந்து தள்ளுவதில்லை. டவர் ஒன்றில் போன் பதிவாகும்போது, உலக நேரத்திலிருந்து எத்தனை கால்மணி தள்ளி இருக்கிறோம் என்ற எண்ணை நெட்வொர்க் அனுப்பக்கூடும். உங்கள் பக்கத்து டவர் 40 கால்மணி என்கிறது, எதிர்ப்பக்கத்து டவர் 44 என்கிறது. வீட்டின் ஒரு மூலையில் எதிர்ப்பக்கத்து சிக்னல் வலுவாக இருந்தால் போன் அங்கே பதிவாகி, ஒன்பது மணியைப் பத்து என்று காட்டும். அலாரம் காட்டப்படும் மணியையே நம்பி அடிக்கும். இந்தியா முழுவதும் ஒரே நேரம் என்பதால் ஊரில் நமக்கு இது தெரிய வாய்ப்பே இருந்ததில்லை.

பாபநாசத்துக்காரர் சொன்னதில் ஓர் உண்மையும் உண்டு. இந்திய சிம் வேறொரு நிறுவனத்தின் டவரில் ரோமிங் ஆகியிருக்கலாம். எல்லைக்கு அப்பாலிருந்து மணியைக் கொண்டுவருவது அந்த சிம்மாகவும் இருக்கக்கூடும். சிம்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

திருவாரூர்ப் பெரியவர்:
என் போனும் மூன்று நிமிடம் பின்னால்தான் ஓடுகிறது. எனக்கும் எல்லை டவர்தானா?

மன்னார்குடிக்காரர்:
இல்லை ஐயா. நேர மண்டலம் தவறினால் பெரும்பாலும் முழு மணியாகவோ அரை மணியாகவோதான் விலகும். சில நிமிடம் பிசகுவது நேரத்தின் பிசகு. தானியங்கி நேர அமைப்பை ஒருமுறை அணைத்து மீண்டும் போட்டுப் பாருங்கள்.

வலங்கைமான் தம்பிக்கு: ஆண்ட்ராய்டில் Set time zone automatically என்பதோடு Use location to set time zone என்ற அமைப்பும் இருந்தால் அதைப் போடுங்கள். ஐபோனில் Location Services என்பதன் உள்ளே System Services பகுதியில் Setting Time Zone என்று இருக்கும். அப்போது போன் டவரின் சொல்லை விட்டு, தான் நிற்கும் இடத்தை மண்டல வரைபடத்தோடு ஒப்பிடும். ஆனால் உங்கள் ஊரில் எல்லை ஒரு தெருவின் மீதே ஓடுகிறது. கட்டிடத்துக்குள் இருப்பிடக் கணிப்பு சில பத்து மீட்டர் விலகினாலும் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய்விடும்.

ஆகவே உங்கள் நிலையில் நானாக இருந்தால் தானியங்கியை அணைத்து, Brisbane என்பதைக் கையாலேயே தேர்ந்தெடுப்பேன். Sydney என்பதைத் தொடாதீர்கள். ஜூன், ஜூலையில் இரண்டும் ஒரே மணியைக் காட்டுவதால் தவறு தெரியாது, அக்டோபரில்தான் வெளிப்படும். பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் திருச்சியில் இறங்கியதும் தானியங்கியை மீண்டும் போடுங்கள், இல்லையென்றால் வலங்கைமானிலும் போன் பிரிஸ்பேன் மணியையே காட்டிக்கொண்டிருக்கும்.

வலங்கைமான்காரர்:
Brisbane என்று வைத்து நான்கு நாள் ஆகிறது, அலாரம் சரியாக அடிக்கிறது. இந்திய சிம்மை அணைத்துவிட்டு ஒரு நாள் தானியங்கியில் விட்டுப் பார்த்தேன்; அன்று மணி மாறவில்லை, ஆனால் ஒரு நாளை வைத்து அதுதான் காரணம் என்று சொல்ல முடியவில்லை. மனைவியின் போனில் உள்ளூர் சிம் மட்டுமே இருக்கிறது. அதுவும் சமையலறையில் வைத்தால் ஒரு மணி நேரம் முன்னே போய்விடுகிறது.