ஃபேன் ஓடல, ஹீட் லைட் எரியுது – அவசரம்

தண்டையார்பேட்டை200:
ரேடியேட்டர் ஃபேன் சுத்தவே இல்ல. ஹீட் லைட் வருது. கூலன்ட் ஃபுல்லா இருக்கு. ஃபேன் மாத்தணுமா?

ஸ்பேனர்:
என்ன வண்டி? கூலன்ட் எங்க பார்த்தீங்க, ரிசர்வ் டப்பாவிலயா, ரேடியேட்டர் மூடியைத் திறந்தா? ஓடும்போது ஹீட் இறங்குதா?

எண்ணூர் காத்து:
தெர்மோஸ்டாட்டைக் கழட்டிக் கடாசுங்க. நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?

பெருசு:
கழட்டினா இன்ஜின் சூடேற நேரமாகும், பெட்ரோல் குடிக்கும். ஃபேன் ஓடாததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கேள்வியைப் படிச்சுட்டு எழுதுங்க தம்பி.

தண்டையார்பேட்டை200:
200 சிசி, 2019. டப்பாவிலதான் பார்த்தேன். எக்ஸ்பிரஸ் ரோடுல கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி நின்னா ஏறுது, வழி கிடைச்சு ஓட்டினா இறங்கிடுது.

மணலி பாய்:
என் ஸ்கூட்டர்ல சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடுது. அதுவும் இதே பிரச்சினையா?

ஸ்பேனர்:
பாய், கொஞ்ச நேரத்துல நின்னுட்டா கவலை வேணாம். சில வண்டியில அப்படித்தான் வச்சிருக்காங்க.

200, ஓடினா ஹீட் இறங்குதுன்னா பம்ப் வேலை செய்யுது. லைட் எரியறதால சென்சாரும் அநேகமா நல்லாதான் இருக்கு. ஃபேனுக்குத் தனி சுவிட்ச் இருக்கிற வண்டின்னா மட்டும் அதையும் பார்க்கணும். முதல்ல ஃபேன் ஃபியூஸைப் பாருங்க. சரியா இருந்தா ஃபேன் கனெக்டரைப் பிடுங்கிட்டு, நடுவுல 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட ஒயர்ல பேட்டரியில இருந்து நேரா கரன்ட் கொடுங்க. பிளஸ் மைனஸ் மாறினா காத்து எதிர்ப்பக்கம் அடிக்கும். சுத்தினா ரிலே, ஒயரிங் பக்கம் போங்க. சுத்தலன்னா மோட்டார்.

டப்பாவை நம்பாதீங்க. ராத்திரி முழுக்க ஆறின வண்டியில ரேடியேட்டர் மூடியைத் திறங்க, கழுத்து வரைக்கும் கூலன்ட் தெரியணும். மூடியின் நடுவுல இருக்கிற சின்ன வால்வு அடைச்சுக்கிட்டா, வண்டி ஆறும்போது டப்பாவிலருந்து உறிஞ்சாது. டப்பா நிறைஞ்சே இருக்கும், ரேடியேட்டர் காலியாகும். சூட்டுல திறந்தா முகத்துல அடிக்கும், ஜாக்கிரதை.

எண்ணூர் காத்து:
குறைஞ்சா போர் தண்ணி ஊத்துங்க, நான் அதான் ஊத்தறேன்.

பெருசு:
மீஞ்சூர் பக்கம் நிலத்தடியிலேயே கடல் தண்ணி ஏறிப்போச்சு. அந்த உப்பு அலுமினியத்தை அரிச்சு, ரேடியேட்டர் குழாயை அடைக்கும். பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர்தான். ரெடிமிக்ஸ் கூலன்ட்னா அதுவும் கலக்கக் கூடாது.

எண்ணூர் காத்து:
பச்சை கூலன்ட்தானே போடணும்?

பெருசு:
கலரைப் பார்த்து வாங்காதீங்க, டப்பாவுல எழுதியிருக்கிறதைப் படிங்க. ரெண்டு வகையைக் கலந்தா சிலது கூழா கெட்டியாகும்.

தண்டையார்பேட்டை200:
ஃபியூஸ் ஓகே. நேரா கொடுத்தா முனகுது, விரலால தள்ளிவிட்டாதான் சுத்துது. ரேடியேட்டர்ல ரெண்டு விரல் ஆழம் குறைவு.

ஸ்பேனர்:
அப்போ மோட்டார் பிரஷ் தேய்ஞ்சிருக்கு, இல்ல உள்ள துரு. ஃபேன் மாத்துங்க, மூடியும் சேர்த்து. கூலன்ட் பழசாச்சு, அதையும் இறக்கிடுங்க. பம்புல இருக்கிற டிரெயின் போல்ட்டைக் கழட்டி வடிச்சிட்டு, டிஸ்டில்டு வாட்டர் ஊத்திச் சூடாகும் வரைக்கும் ஓடவிட்டு, ஆறின பிறகு திரும்ப வடிங்க. தெளிவா வர்ற வரைக்கும் அதே வேலை. போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்க. கூலன்ட் ஊத்தும்போது மூடி திறந்தே இருக்கட்டும். ஐடில்ல விட்டு, ஹோஸைப் பிசைஞ்சு, குமிழ் நிக்கிற வரைக்கும் நிரப்பிட்டு மூடுங்க.

பம்புக்கு அடியில சின்ன ஓட்டை இருக்கும். அங்க கறை இருக்கா? இருந்தா சீல் போயிருக்கு, மூடியை மாத்தினாலும் கூலன்ட் குறையும்.

எண்ணூர் காத்து:
சரி, கேன் தண்ணி ஊத்தலாமா?

ஸ்பேனர்:
200, கறை பார்த்தீங்களா?