பிரின்சிபிள் ஆஃப் சேரிட்டிக்கு தமிழ்ல என்ன போடலாம்?

நாகர்கோவிலிருந்து:
ஒரு தத்துவக் கட்டுரைய மொழிபெயர்க்கேன். அதுல பிரின்சிபிள் ஆஃப் சேரிட்டி வருது, அடுத்தவன் சொல்லத முடிஞ்ச அளவு நியாயமான அர்த்தத்துல எடுத்துக்கிடணும்ங்கிற கொள்கை. 1959ல நீல் வில்சன்ங்கிற தத்துவவாதி வச்ச பேரு, பெறகு குவைன், டேவிட்சன்னு ரெண்டு தத்துவவாதிங்க எடுத்து வளத்தாங்க. 'கருணைக் கோட்பாடு'ன்னு போட்டா தானதர்மம் மாதிரி கேக்குது. வேற சொல்லு இருக்கா?

மார்த்தாண்டத்திலிருந்து:
'இணக்கப் பொருள்கோள்' போடுங்க. எதிராளி சொல்லதுக்கு இணங்கிப் போறதுதானே.

தக்கலையிலிருந்து:
பொருள்கோள் நல்லாருக்கு சார், இணக்கம் வேண்டாம், குழப்பமே அங்கதான். சின்னமுட்டத்துல டீக்கடையில ஒருத்தர் "தடைக்காலமெல்லாம் வீண்"ன்னாரு. மீனு முட்டை போட வேண்டாமான்னு உடனே கேட்டு ஜெயிச்சிருக்கலாம், ஆனா அவரு அத மறுக்கவே இல்லியே. ஏன் அப்படி சொல்லுதீங்கன்னு கேட்டேன். இங்க கிழக்குக் கரையில ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரை விசைப்படகக் கட்டிப் போடுதோம், அந்தப் பக்கம் மேற்குக் கரையில குளச்சல்ல ஜூன் 1லதான் தடை தொடங்குது, நாங்க விட்டத அவங்க அள்ளிட்டுப் போனா என்ன பலன்ன்னாரு. அவரு சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு, ரெண்டு பக்கமும் ஓடுறது ஒரே மீனுங்கிறது. அதயும் சேத்து "இதானே சொல்ல வந்தீங்க?"ன்னு கேட்டேன், ஆமான்னாரு. அந்த ஆமா வந்தாதான் நாம எடுத்த அர்த்தம் சரி. வலைக்கண்ணு அளவு அது இதுன்னு அவரு நெனைக்காததயும் சேத்திருந்தா அது எனக்க வாதம், அவருக்க வாதம் இல்ல. இவ்வளவுக்கும் பெறகும் நான் ஒத்துக்கிடல, ஏன்னா அந்த மீனு விஷயம் உண்மைன்னே வச்சாலும் அதுலேருந்து வாறது 'ரெண்டு பக்கமும் ஒரே தேதி வேணும்'ங்கிறதுதான், 'தடை வீண்'ங்கிறது வராது.

குளச்சலிலிருந்து:
அண்ணே, நாங்க அள்ளிட்டுப் போறோம்னா சொல்லுதீங்க? ஜூனும் ஜூலையும் எங்க போட்டும் கரையிலதான் கெடக்கு, அந்த ரெண்டு மாசம் வீட்டுல படுற பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

தக்கலையிலிருந்து:
இல்ல தம்பி, அது அவருக்க பேச்சு, எனக்க கருத்து இல்ல. எடுத்துச் சொல்லதும் ஏத்துக்கிடதும் வேற வேற. உங்க கஷ்டம் நெசம்தான்.

திருவட்டாறிலிருந்து:
இதுக்கு நன்னூல்லயே எடம் இருக்கு. எழுவகை மதம்னு அடுத்தவன் கொள்கைய எதிர்கொள்ளுத ஏழு வழி சொல்லுது, அதுல 'உடன்படல்' ஒண்ணு, 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவு' இன்னொண்ணு. அடுத்தவன் கொள்கைய முதல்ல கையில வாங்கணும், பெறகு விலக்கணும், ஒத்துக்கிடது இதுல சேராது. 'மேற்கொண்டு நோக்கல்' போடலாமே.

நாகர்கோவிலிருந்து:
அருமையா இருக்குங்கய்யா, ஆனா களைவுன்னா முடிவு முன்னாலயே தெரியும். நல்லா கேட்ட பெறகு நான் மாறவும் செய்யலாம்லா. அதுக்கும் மேல டேவிட்சன்கிட்ட ஒரு சிக்கல். பாஷையே தெரியாத ஒருத்தன் பேச்சுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கணும்னா, அவன் நம்புறதுல பெரும்பாலும் நம்ம பார்வையில சரியாத்தான் இருக்கும்னு வச்சுத்தான் தொடங்கவே முடியும்ங்காரு. அப்போ அங்க மட்டும் மார்த்தாண்டம் சாருக்க 'இணக்கம்' முழுசா தப்புன்னு சொல்ல முடியல. விவாதத்துக்கு 'நயப்பொருள்கோள்'னு இப்போதைக்கு எழுதி வைக்கேன், டேவிட்சன் பகுதிக்கு அதே சொல்லு நிக்குமான்னு நீங்க எல்லாரும் பாத்துச் சொல்லுங்க.

மார்த்தாண்டத்திலிருந்து:
நயம்னா கவிதை நயம்னு எடுத்துக்கிட மாட்டாங்களா?