ஒரிஜினல் சர்டிபிகேட் காலேஜ் பிடியில்: எச்ஆரிடம் என்ன கேட்பது?

கேள்வி: எம்பிஏ பாதியில் நின்றுவிட்டது. பத்தாவது, பன்னிரண்டாவது, பிஎஸ்சி ஒரிஜினல் எல்லாம் அந்தக் காலேஜில். மிச்ச ஃபீஸ் கட்டினால்தான் தருவார்களாம். இப்போது ஒரு தனியார் கம்பெனியில் ஆஃபர் வந்திருக்கிறது. எச்ஆரிடம் எப்படிப் பேசுவது?

செல்வி (ஆட்சேர்ப்பு வேலை): ஜாயினிங் நாள் வரை மறைக்காதீங்க, இப்பவே மெயில் போடுங்க. ஒரிஜினல் வெறுமனே பார்க்கவா, அல்லது வாங்கி வைத்துக்கொள்ளவா என்று முதலில் கேளுங்க. பல கம்பெனிகளுக்குப் பார்த்தாலே போதும். உண்மையான சரிபார்ப்பைப் பின்னணி விசாரணை ஏஜென்சி பல்கலைக்கழகத்திடமே செய்துகொள்ளும். இப்படி எழுதலாம்:

"என் அசல் சான்றிதழ்கள் முன்பு படித்த கல்லூரியில் உள்ளன. டிஜிலாக்கர் பிரதி, கல்லூரியின் கஸ்டடி கடிதம், 60 நாளில் அசலைக் காட்டுவதாக என் உறுதிமொழி, இவற்றில் எதை ஏற்பீர்கள்? சரிபார்ப்பு ஏஜென்சியும் அதை ஏற்குமா?"

அந்தக் கடைசி வரியை விட்டுடாதீங்க. எச்ஆர் வாயால் "ஓகே" சொன்ன பிறகும் ஏஜென்சி அறிக்கையில் 'சரிபார்க்க முடியவில்லை' என்று வந்தால் சிக்கல் உங்களுக்குத்தான்.

குமார்: இவ்வளவு எதுக்கு? தொலைந்துவிட்டது என்று போலீஸில் எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் வாங்கிடலாமே.

செல்வி: தயவுசெய்து வேண்டாம். தொலையாததைத் தொலைந்தது என்று எழுதிக் கொடுப்பது பொய் வாக்குமூலம். காலேஜ் ஒரிஜினலை நீட்டிய அன்றே அது வெளியே வந்துவிடும். வேலை போவதற்கு அதுவே போதும்.

ரஹீம்: டிஜிலாக்கரில் ஒரு கவனம். ஸ்கேன் பண்ணி நீங்களே ஏற்றினது செல்லாது. வாரியமோ பல்கலைக்கழகமோ வழங்கி, `Issued` பகுதியில் இருக்கிறதுதான் சட்டப்படி அசலுக்குச் சமம். தமிழ்நாடு பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டைப் பதிவு எண், வருடம் போட்டுத் தேடுங்க. பழைய வருடமாக இருந்தால் கிடைக்காமலும் போகலாம். டிகிரி உங்க பல்கலைக்கழகம் ஏற்றியிருந்தால்தான் வரும்.

உமா: டிஎன்பிஎஸ்சி கவுன்சலிங்குக்கும் இதே கடிதம் போதுமா? என் டிகிரியும் காலேஜில்தான் இருக்கு.

செல்வி: அது வேற, உமா. அங்கே அசலோடுதான் சரிபார்ப்பு. அறிவிக்கையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். இங்கே பேசுவது தனியார் வேலைக்கு.

ரஹீம்: கஸ்டடி கடிதம் லெட்டர்ஹெட்டில், தேதி, முத்திரை, முதல்வர் கையெழுத்தோடு வேண்டும். ஒவ்வொரு சான்றிதழின் பெயரும் வரிசை எண்ணும் தனித்தனியாக வரணும். "அசல்கள் எங்களிடம் உள்ளன" என்று ஒரே வரியில் கொடுத்தால் எது இருக்கிறது என்றே தெரியாது. ஃபீஸ் பாக்கி என்ற வார்த்தை அதில் வராமல் பாருங்க, எச்ஆர் தேவையில்லாமல் தோண்டுவார்.

கேள்வி கேட்டவர்: கடிதமே தர மாட்டேன் என்றால்?

செல்வி: எழுத்தில் கேளுங்க, டெலிவரி ஆனதற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில். அசல்களை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே சொல்லியிருக்கிறது, அதைக் குறிப்பிடுங்க. அந்தக் கடிதத்தின் நகலையும் எச்ஆருக்கு அனுப்பலாம். ஏற்பார்களா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.