பறவையின் காந்த உணர்வுக்கு என்ன பெயர்?

மங்கை, புதுச்சேரி:
ஊசுடு ஏரிக்கு வரும் வலசைப் பறவைகளைப் பற்றிய கையேட்டில் ஒரு சொல் இடிக்கிறது. ‘இன்க்ளினேஷன் காம்பஸ்’ என்பதற்குச் ‘சாய்வுத் திசைகாட்டி’ என்று போட்டிருக்கிறேன். சரிவருமா?

செல்வம், கடலூர்:
சாய்வு எதற்கம்மா? பறவைக்குள் காந்த ஊசி மாதிரி ஒன்று வடக்கைக் காட்டுகிறது. ‘வடக்குணர்வு’ போதும், பிள்ளைகளுக்கும் புரியும்.

கதிரவன், நெய்வேலி:
காந்தம் சரி ஐயா, வடக்குதான் இடறுகிறது. 1972இல் ஜெர்மனியின் பறவை ஆய்வாளர்களான வில்ட்ஷ்கோ இணையர் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். ராபின் குருவிகளைக் கம்பிச்சுருள்களுக்கு நடுவே வைத்து, காந்தப்புலத்தின் செங்குத்துக் கூறை மட்டும் தலைகீழாக்கினார்கள். கிடைக்கூறு மாறவில்லை, ஊசி வடக்கையே காட்டும். ஆனால் வசந்தத்தில் வடக்கே போக வேண்டிய குருவிகள் தெற்கே திரும்பின. கிடைக்கூறையும் சேர்த்துப் புரட்டினால் பழையபடி வடக்கு! ஆக, பறவை பார்ப்பது ஊசிமுனையை அல்ல. புலக்கோடு எந்தப் பக்கம் தரைக்குள் சரிகிறதோ அதுதான் அதற்குத் துருவப்பக்கம். தென் அரைக்கோளத்தில் அது தெற்காகிவிடும். ‘வடக்குணர்வு’ அங்கே பொய்.

பாபு, கடலூர் முதுநகர்:
என் பந்தயப் புறாவை விழுப்புரத்தில் விட்டாலும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. ‘வீடறிவு’ என்று வைக்கலாமே?

கதிரவன்:
அது வேறு கேள்வி தம்பி. விழுப்புரத்தில் விட்டதும் ‘வீடு எந்தப் பக்கம்’ என்று தெரிய வேண்டும், அது வரைபட வேலை. அந்தப் பக்கத்தைப் பிடித்துப் போவதுதான் திசைகாட்டி வேலை. இங்கே பேசுவது இரண்டாவதை.

மங்கை அவர்களுக்கு: புலக்கோடு கிடைமட்டத்திலிருந்து சரியும் கோணத்துக்குப் பிளஸ் டூ இயற்பியலில் ‘காந்தச் சரிவு’ என்றே இருக்கிறது. சாய்வை விட்டுச் சரிவை எடுங்கள். ‘காட்டி’யும் வேண்டாம், ஊசியை நினைவூட்டும். ‘சரிவுத் திசையறிவு’ என்பேன்.

மங்கை:
ஒரு சந்தேகம். வில்ட்ஷ்கோ இணையர் சோதித்த பிராங்க்பர்ட்டில் சரிவு 66 பாகை. நம்மூரில் பத்துக்கும் குறைவு, திருநெல்வேலிப் பக்கம் கிட்டத்தட்டப் பூஜ்யம். சரிவே இல்லாத இடத்தில் பறவை என்ன செய்யும்?

கதிரவன்:
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். புலத்தைக் கிடையாக்கினால் ராபினுக்குத் திசை தெரிவதில்லை, கூண்டில் எல்லாப் பக்கமும் தாவும். அங்கே விண்மீன்கள் கைகொடுக்கலாம். அமெரிக்க ஆய்வாளர் எம்லன் 1970இல் கோளரங்கத்தில் இண்டிகோ பண்டிங் குருவிகளை வைத்துக் காட்டியது அதைத்தான்: வானம் எந்தப் புள்ளியைச் சுற்றுகிறது என்பதைக் குஞ்சுப் பருவத்திலேயே கற்றுவிடுகின்றன. இன்னொன்று, கிடைப்புலத்தில் சில நாள் இருந்த தோட்டக் கதிர்க்குருவிகள், பிறகு ‘துருவப்பக்கம்’ போக ஆரம்பித்தன. சரிவு பூஜ்யமாகும் காந்த நடுக்கோட்டைத் தாண்டியபின் தெற்கே போக அதுதான் வழி.

செல்வம்:
அப்படியானால் ‘துருவத் திசையறிவு’ இன்னும் பொருத்தம் அல்லவா? சரிவு என்றதும் பங்குச்சந்தைதான் நினைவுக்கு வருகிறது.

மங்கை:
விண்மீனைப் பார்ப்பதும் துருவத்தைத்தான் கண்டுபிடிக்கிறது ஐயா, இரண்டும் கலந்துவிடும். இப்போதைக்குச் ‘சரிவுத் திசையறிவு’ என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். ‘அறிவா’, ‘உணர்வா’ என்பதை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.