'யாதும் ஊரே' வரவேற்புப் பலகைக்குப் பொருந்துமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்: எங்க ஊர் நூலகமான வாயனசாலை வாசலில் "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்று எழுதி, கீழே மலையாளத்தில் "எந்த ஊர்க்காரரும் இங்கே விருந்தினர்" என்று பொருள் போடப் போறாங்க. இந்தப் பொருள் சரிதானா?

மீனாட்சிபுரம் டீச்சர்: "விருந்தினர்" சரியில்லை. கேளிர் என்றால் உறவினர், சுற்றத்தார். விருந்தாளி வந்துவிட்டுப் போகிறவர். கேளிர் நம் ஆள். சிலர் இதைக் "கேளுங்கள்" என்றே படிக்கிறார்கள். அது பெயர்ச்சொல், ஏவல் இல்லை.

இனி முழுப்பாட்டு. புறநானூறு 192, கணியன் பூங்குன்றனார், 13 அடி. படிக்கும்போது வினைமுற்றுகளை மட்டும் கோடிட்டுப் பாருங்கள். "இலமே" 4 முறை வருகிறது, "தெளிந்தனம்" ஒரு முறை. எல்லாம் "நாம்" என்று தன் நிலையைச் சொல்பவை. யாரையும் வா என்று அழைக்கிற சொல் பாட்டு முழுக்க இல்லை. பழைய உரையும் முதல் அடிக்கு "எமக்கு" என்று சேர்த்துத்தான் பொருள் சொல்கிறது: எமக்கு எல்லாம் ஊர். பலகை சொல்வது நேர் எதிர்த்திசை, எங்கள் ஊர் எல்லாருக்கும் என்று.

வண்டிப்பெரியாறு ராஜா: டீச்சர், அடுத்த வரியைப் பாருங்க. "தீதும் நன்றும் பிறர்தர வாரா." நம்ம வாழ்க்கை நம்ம கையில்னு சொல்றார். தன்முயற்சிப் பாட்டு இது. வெளியூர் வந்து பிழைக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமா என்ன வேணும்?

மீனாட்சிபுரம் டீச்சர்: பிறர் தருவதில்லை என்பது வரை சரி, தம்பி. முயன்றால் மாற்றலாம் என்று அந்த அடி சொல்லவில்லை. 6ஆம் அடிக் கடைசியிலிருந்து படியுங்கள். மின்னலோடு மழை பெய்து, கல்லில் மோதி இரைகிற பேராறு. அதன் நீர் போகிற வழியில் போகும் புணை, அதாவது தெப்பம். அதுபோல உயிர் "முறைவழிப் படூஉம்". புணைக்குத் துடுப்பு போட்டவர் யாரும் பாட்டில் இல்லை. இரண்டாம் அடியைத் தன்முயற்சிக்கு எடுத்தால் இந்த 5 அடியும் இடிக்கும்.

வண்டிப்பெரியாறு ராஜா: முறைன்னா விதியா? தான் செய்த வினையின் பலன்னு எடுத்தா பிறர்தர வாராவோட ஒத்துப்போகுதே.

மீனாட்சிபுரம் டீச்சர்: ஒத்துப்போகும். ஊழ் என்கிறவர்களும் உண்டு, இயற்கை ஒழுங்கு என்கிறவர்களும் உண்டு. பாட்டை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டுமே "உழைத்தால் உயர்வு" இல்லை.

நகரி நெசவாளி: எங்க பக்கம் தெலுங்கு நண்பர்களுக்கு அழைப்பிதழில் பாரதியின் "சுந்தரத் தெலுங்கினில் பாட்டிசைத்து" போடுறோம். அதுவும் தப்பா அப்போ?

மீனாட்சிபுரம் டீச்சர்: அது வேற கதை. அதே கண்ணியில் சிந்து நதியும் சேர நாட்டுப் பெண்களும் வருகிறார்கள். அடுத்ததில் கங்கைக் கோதுமைக்குக் காவிரி வெற்றிலை. பல நாட்டையும் கலப்பதுதான் பாட்டின் நோக்கமே. நீங்கள் எடுத்த துண்டு அதே திசையில் போகிறது, தாராளமாகப் போடுங்கள். தமிழைவிடத் தெலுங்கே இனிது என்று பாரதி சொன்னதாக மட்டும் எழுத வேண்டாம்.

செங்கோட்டையான்: டீச்சர் சொல்வதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. பாட்டில் காரணம் காட்டுகிற சொல் ஒன்றுதான், 11ஆம் அடியில் "ஆகலின்". புணை உவமை அதில் முடிகிறது. அதற்கு அடுத்து வருவது பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே. ஆக, புணை இலக்கணப்படி கடைசி 2 அடிக்குத்தான் காரணம். முதல் அடி தனி வாக்கியமாக முடிந்துவிட்டது. அதைப் புணையோடு கட்டுவது உங்கள் ஊகம். தனியாக எடுத்தால் என்ன குற்றம்?

மீனாட்சிபுரம் டீச்சர்: தொடரமைப்பில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். "ஆகலின்" நேராகப் போய்ச் சேருவது கடைசி அடிகளில்தான். ஆனால் சாதல் புதிதன்று, வாழ்தல் இனிதென மகிழ்ந்ததும் இல்லை என்று நடுவில் சொல்கிறாரே, அந்த மனநிலைக்காரர் முதல் அடியில் மட்டும் கைகுலுக்கி வரவேற்றாரா? பாட்டின் பொருள்வகையைச் சொல்லும் துறையும் பொருண்மொழிக்காஞ்சி, உயிருக்கு உறுதி தருவதை எடுத்துச் சொல்வது. முதல் அடியில் இருப்பது பற்றின்மை என்றே எனக்குப் படுகிறது.

செங்கோட்டையான்: துறைப்பெயர் பாட்டோடு பிறந்ததா, தொகுத்தவர்கள் போட்டதா? அதை வைத்து முதல் அடிக்குப் பொருள் கட்ட மாட்டேன். பற்றில்லாதவன் "கேளிர்" என்று உறவுச்சொல் எடுப்பானா? "அயலார் இல்லை" என்றிருக்கலாமே.

கொழிஞ்சாம்பாறைக்காரன்: சண்டை இருக்கட்டும். பெயிண்டர் நாளைக்கு வர்றார். நான் என்ன எழுதச் சொல்ல?

மீனாட்சிபுரம் டீச்சர்: தமிழ் வரியை அப்படியே விடுங்கள். மலையாளத்தில் "எல்லா ஊரும் எங்கள் ஊர், எல்லாரும் எங்கள் உறவினர்" என்று வரட்டும். கீழே புறநானூறு 192 என்று எண் போடுங்கள். சந்தேகம் வருகிறவர் உள்ளே அலமாரியில் எடுத்துப் பார்க்கட்டும்.

செங்கோட்டையான்: இதற்கு நான் மறுப்பில்லை. விருந்தினரை எடுத்தாலே போதும். வரவேற்கத்தான் வேண்டும் என்றால், சிறியோரை இகழாத கடைசி அடி வாயனசாலைக்கு இன்னும் பொருந்தும்.

வண்டிப்பெரியாறு ராஜா: அதை வாசலில் போட்டா, யாருடா இங்கே சிறியோர்னு முதல் நாளே கேப்பாங்க அண்ணே.